இமெயில் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

“மாடித்தோட்ட ரகசியங்கள்! உங்கள் மொட்டைமாடியைப் பசுமைச் சொர்க்கமாக மாற்றும் 38 பக்க முழுமையான வழிகாட்டி. 30 நாட்களில் அறுவடை! வல்லுநர்களின் பல்லாண்டு அனுபவம் ஒரே நூலில். முற்றிலும் இலவசம். இமெயிலைப் பதிவு செய்து இப்போதே பெறுங்கள்!”

விளக்குவதற்காக எழுதிய மாதிரிதான் இது. ஆனால் இதைப் போன்றவற்றைப் பார்க்காதவர்கள் குறைவு. விதையும் செடி வளர்க்கும் பையும் விற்கும் ஒரு சிறு கடை இதைப் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இமெயில் முகவரியைப் பெறுவதற்காக இப்படி இலவசமாகத் தரும் பொருளை விற்பனைத் துறையினர் ‘லீட் மேக்னட்’ என்கிறார்கள். நாளை விதை வாங்கக்கூடியவர்கள் யார் என்று கடைக்குத் தெரிந்துவிடுகிறது. வாசகருக்கு ஒரு மின்னூல் கிடைக்கிறது. இதில் தவறேதும் இல்லை, கொடுக்கல் வாங்கலில் என்ன கைமாறுகிறது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும்வரை.

மேலே உள்ள குறிப்பைப் படித்தவருக்கு அது தெரியாது. எந்தச் செடிகளைப் பற்றிய நூல்? யாருக்காக எழுதியது? புதிதாகத் தொடங்குபவருக்கா, ஏற்கெனவே வளர்ப்பவருக்கா? எழுதியவர் யார்? கோப்பு எப்படி வந்து சேரும்? முகவரியைக் கொடுத்த பிறகு வேறு என்னென்ன வரும்? ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்தக் குறிப்பை எப்படித் திருத்துவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் நூலைத் திறக்க வேண்டும்

பெரும்பாலானவர்கள் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு சொற்களை மாற்றத் தொடங்குகிறார்கள். ‘ரகசியங்கள்’ என்பதை ‘நுணுக்கங்கள்’ ஆக்குவார்கள். ஆச்சரியக்குறி இரண்டை எடுப்பார்கள். குறிப்பு கொஞ்சம் அடக்கமாகத் தெரியும். ஆனால் வாசகருக்குத் தெரியவேண்டிய எதுவும் அதில் புதிதாகச் சேர்ந்திருக்காது. திருத்துபவர் முதலில் திறக்க வேண்டியது நூலின் கோப்பைத்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டி, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் மாடித்தோட்ட நூலை அப்படிப் புரட்டுவோம். மொத்தம் 38 பக்கம் என்பது சரிதான். அட்டை, உரிமைக் குறிப்பு, பொருளடக்கம் ஆகியவற்றுக்கு 3 பக்கம் போகிறது. கடையின் வரலாறு 4 பக்கம். பக்கம் முழுக்கப் படம் மட்டும் உள்ளவை 9. கடைசியில் பை, உரம், விதை ஆகியவற்றின் விலைப்பட்டியல் 6 பக்கம். இந்த 22 பக்கத்தையும் கழித்தால், செடி வளர்ப்பைப் பற்றிச் சொல்வது 16 பக்கம்.

அந்தப் பதினாறில் என்ன இருக்கிறது? தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், சிறுகீரை என ஐந்து பயிர்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த அளவுப் பை, எந்த மாதத்தில் விதைப்பது, எப்போது தண்ணீர் ஊற்றுவது என்ற விவரம். மண் கலவைக்கு ஒரு பக்கம். பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தயாரிக்க ஒரு பக்கம். பூச்செடி இல்லை, பழமரம் இல்லை, சொட்டுநீர் இல்லை, மாடித்தளம் எவ்வளவு எடை தாங்கும், நீர்க்கசிவை எப்படித் தடுப்பது என்பதும் இல்லை.

இந்தப் பட்டியல் கையில் வந்த பிறகுதான் குறிப்பைத் தொட வேண்டும். இனி குறிப்பில் வரும் ஒவ்வொரு சொல்லிடமும் ஒரே கேள்வி: இதற்கு ஆதாரம் நூலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பக்க எண் சொல்ல முடிந்தால் அந்தச் சொல் நிற்கலாம். முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டும், அல்லது நூலில் இருப்பதைச் சொல்லும்படி மாற்ற வேண்டும்.

சொல்லுக்குச் சொல்

‘ரகசியங்கள்’ எந்தப் பக்கத்தில் இருக்கின்றன? வேப்பெண்ணெய்க் கரைசலும் மண் கலவையும் தோட்டம் போடும் எல்லோரும் அறிந்தவை. அவற்றைத் தெளிவாக எழுதியிருப்பதே இந்த நூலின் பயன். ஆகவே ‘ரகசியங்கள்’ போய், ‘மண் கலவை, வேப்பெண்ணெய்க் கரைசல்’ என்று அந்தப் பொருள்களின் பெயரே வர வேண்டும். முதல்முறை செடி வைக்கப்போகும் ஒருவர் தேடுவது அதைத்தான்.

‘முழுமையான வழிகாட்டி’ என்பது பெரும் தொல்லை தரும் சொல். ஐந்து பயிர்களைச் சொல்லும் நூல் மாடித்தோட்டத்துக்கு முழுமையான நூலாக முடியாது. ரோஜாவும் மல்லிகையும் வளர்க்க நினைத்தவர் முகவரியைக் கொடுத்து, நூலைத் திறந்து, கத்தரிக்காயைப் பார்த்து மூடிவிடுவார். அவரிடமிருந்து கடைக்கு ஒரு முகவரி கிடைத்திருக்கலாம்; வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. பயிர்களின் பெயரை எழுதிவிட்டால் அவர் தொடக்கத்திலேயே ஒதுங்கிக்கொள்வார். அதோடு, எது இல்லை என்பதையும் ஒரு வரியில் சொல்வது நல்லது. எல்லாக் குறைகளையும் அடுக்க வேண்டியதில்லை. தலைப்பைப் பார்த்ததும் வாசகர் இயல்பாக எதிர்பார்க்கக்கூடிய இரண்டு மூன்று மட்டும் போதும். மாடித்தோட்டம் என்றால் பூச்செடியையும் சொட்டுநீரையும் எதிர்பார்ப்பார்கள். அவற்றைச் சொன்னால் போதுமானது.

‘38 பக்கம்’ என்பதில் பொய் இல்லை. ஆனால் 38 பக்கமும் செடி வளர்ப்பு என்று வாசகர் எண்ணிக்கொள்வார். ஆகவே ‘செய்முறை 16 பக்கம், மீதி படங்களும் கடையின் அறிமுகமும் விலைப்பட்டியலும்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சிறியதாகத் தெரியுமே என்று கடைக்காரர் தயங்கலாம். ஆனால் பதினாறு பக்கத்தை ஒரே மூச்சில் படித்துவிட முடியும். வேலை முடிந்து வந்து இரவில் போனைத் திறப்பவருக்கு அது ஒரு வசதிதான்.

‘30 நாட்களில் அறுவடை’ என்ற வரியைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஐந்து பயிர்களில் சிறுகீரை மட்டுமே விதைத்து ஒரு மாதத்துக்குள் பறிக்க வரும். வெண்டை முதல் காய் காட்டவே சுமார் 45 நாள் ஆகும். தக்காளிக்கு நாற்றுவிட்டு, எடுத்து நட்டு, பழம் பறிக்க ஏறக்குறைய மூன்று மாதம். குறிப்பில் உள்ளது நூலிலுள்ள ஒரு பயிருக்குப் பொருந்தும் உண்மை. அது ஐந்துக்கும் பொதுவானதுபோல நிற்கிறது. வெறும் உயர்வுநவிற்சியை வாசகர் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார். நாள் கணக்கை நம்பிவிடுவார். முப்பத்தோராம் நாள் தக்காளிச் செடியைப் பார்த்து, தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைப்பார்.

இதில் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. நூலில் என்ன இருக்கிறது என்பதைக் கடை உறுதியாகச் சொல்லலாம். வாசகரின் மாடியில் என்ன விளையும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. வெயில், தண்ணீர், விதை, கவனிப்பு எல்லாம் அதில் சேர்கின்றன. ஆகவே குறிப்பு நூலின் உள்ளடக்கத்துக்கு மட்டுமே வாக்குக் கொடுக்க வேண்டும். ‘அறுவடை செய்வீர்கள்’ என்ற இடத்தில் ‘எந்தப் பயிர் எப்போது பறிக்க வரும் என்ற விவரம் உண்டு’ என்று வந்தால் சரியாக இருக்கும்.

‘வல்லுநர்களின் பல்லாண்டு அனுபவம்’ என்பதற்கு நூலில் தேடினால், எழுதியவர் கடையை நடத்துபவர் ஒருவரே. ஆறு ஆண்டாகத் தன் வீட்டு மாடியில் காய்கறி வளர்க்கிறார் என்று கடை வரலாற்றில் இருக்கிறது. அதையே சொல்லலாம். பெயரில்லாத வல்லுநர்களைவிட ஆறு ஆண்டு தண்ணீர் ஊற்றியவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

விலையையும் எழுத வேண்டும்

இதுவரை பார்த்தது வாசகருக்குக் கிடைப்பது. அவர் கொடுப்பதைப் பற்றிக் குறிப்பில் இருப்பது ‘முற்றிலும் இலவசம்’ என்ற இரண்டு சொற்கள்தான். பணம் வாங்கவில்லை என்பது உண்மை. முகவரி வாங்கப்படுகிறது, அந்த முகவரிக்கு இனி விற்பனை மடல்கள் வரும். அதுதான் விலை.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த மின்னுள்ளடக்க ஆணை, 2022 ஜனவரி 1 முதல் பொருந்துகிறது. பணத்துக்குப் பதிலாகத் தனிப்பட்ட தகவலைக் கொடுத்து மின்னுள்ளடக்கம் பெறும் நுகர்வோரையும் அது தன் பாதுகாப்புக்குள் சேர்த்துக்கொள்கிறது. விவரிப்பில் சொன்னதற்கு ஏற்ப உள்ளடக்கம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. வாங்கிய தகவலை நூலை அனுப்புவதற்கு மட்டுமே பயன்படுத்தினால் இந்த விதி பொருந்தாது. அதாவது, முகவரி விற்பனைக்குப் பயன்படும்போது இலவச நூலின் குறிப்பும் சட்டத்தின் கண்ணில் ஒரு வாக்குறுதிதான்.

இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. எந்தத் தகவல், எந்த நோக்கத்துக்காக வாங்கப்படுகிறது என்று அறிவிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஒப்புதல் நிபந்தனையற்றதாகவும் தெளிவான செயலால் தெரிவிக்கப்பட்டதாகவும், நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமானதாகவும் இருக்க வேண்டும். இதற்குச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, சிகிச்சை தருவதற்கு ஒப்புதல் கேட்கும்போதே, போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்கவும் ஒப்புதல் கேட்கிறது. சிகிச்சைக்கு அந்த எண்கள் தேவையில்லை என்பதால் அந்த ஒப்புதல் செல்லாது.

நம் கடைக்கு இதன் பொருள் இரண்டு. பிடிஎஃப் அனுப்ப இமெயில் போதும். படிவத்தில் வாட்ஸ்அப் எண்ணும் பிறந்த தேதியும் கட்டாயமாகக் கேட்கக்கூடாது. நூலை அனுப்புவதும் வாராந்தர மடல் அனுப்புவதும் வெவ்வேறு நோக்கங்கள். ஆகவே மடலுக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்க வேண்டும், வாசகர் தாமாகவே அதில் டிக் செய்ய வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்பது ஐரோப்பியத் தரவுச் சட்டத்திலும் தெளிவு. சில கடைகள் வேறு வழியில் போகின்றன: ‘எங்கள் வாராந்தர மடலில் சேருங்கள், சேர்ந்தவர்களுக்கு இந்தக் கையேடும் உண்டு’ என்று மடலையே முன்னால் வைக்கின்றன. ஒளிவுமறைவு இல்லை என்ற அளவில் அது நல்லது. என்றாலும் நூலை மடலோடு கட்டிப்போடுவதால், நிபந்தனையற்ற ஒப்புதல் என்ற அளவுகோலுக்குத் தனிக் கட்டமே பாதுகாப்பானது.

பல குறிப்புகளின் அடியில் ‘கவலை வேண்டாம், ஸ்பேம் அனுப்பமாட்டோம்’ என்று ஒரு வரி இருக்கும். தான் அனுப்புவது ஸ்பேம் என்று எந்தக் கடையும் நினைப்பதில்லை. அதனால் அந்த வரியிலிருந்து வாசகருக்கு எதுவும் தெரிவதில்லை. என்ன வரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், அதில் விற்பனை அறிவிப்பு இருக்குமா, எப்படி நிறுத்துவது என்ற நான்கையும் எழுதினால் அந்த வரியே தேவைப்படாது.

கோப்பு கைக்கு வரும் வழி

‘இப்போதே பெறுங்கள்’ என்பதும் திருத்தப்பட வேண்டியது. பட்டனை அழுத்தியதும் நூல் திரையில் திறக்கும் என்று வாசகர் காத்திருப்பார். உண்மையில் முதலில் ஒரு மடல் வரும். முகவரி தன்னுடையதுதான் என்று அதில் உள்ள இணைப்பை அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகுதான் நூல் வரும். தட்டச்சுப் பிழையுள்ள முகவரிகளையும் பிறர் முகவரியைக் கொடுப்பவர்களையும் வடிகட்டுவதால் இது நல்ல முறைதான். முன்கூட்டிச் சொல்லாவிட்டால்தான் சிக்கல்: வாசகர் உறுதி மடலைக் கவனிக்கமாட்டார், நூலும் வராது, ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிடுவார்.

கோப்பின் வடிவத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஏ4 அளவில் வடிவமைத்த பிடிஎஃப் போன் திரையில் பொடி எழுத்தாகத் தெரியும். பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். தமிழ் நூல்களில் இன்னொன்றும் உண்டு. யூனிகோடில் இல்லாமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ‘வெண்டை’ என்று தேடினால் கிடைக்காது. திருத்துபவர் கோப்பிலேயே ஒரு சொல்லைத் தேடிப் பார்த்து இதைக் கண்டுகொள்ளலாம். அப்படி இருந்தால் ‘சொல்லைத் தேடும் வசதி உண்டு’ என்று குறிப்பில் எழுதக்கூடாது.

திருத்திய குறிப்பு

எல்லாவற்றையும் சேர்த்தால் குறிப்பு இப்படி அமையும்:

“மாடியில் ஐந்து பயிர்கள்: புதிதாகத் தொடங்குவோருக்கான கையேடு

தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், சிறுகீரை ஆகியவற்றைப் பையில் வளர்க்கும் முறை. பையின் அளவு, மண் கலவை, விதைக்கும் மாதம், தண்ணீர், வேப்பெண்ணெய்க் கரைசல், எந்தப் பயிர் எப்போது பறிக்க வரும் என்ற விவரங்கள் உண்டு. பூச்செடி, பழமரம், சொட்டுநீர் பற்றி இதில் இல்லை.

எழுதியவர் எங்கள் கடையை நடத்துபவர். ஆறு ஆண்டாகத் தன் மாடியில் காய்கறி வளர்க்கிறார். மொத்தம் 38 பக்கம்: செய்முறை 16 பக்கம், மீதி படங்களும் கடையின் அறிமுகமும் விலைப்பட்டியலும். தமிழ், பிடிஎஃப், ஏ4 அளவு.

பணம் வேண்டாம், உங்கள் இமெயில் முகவரி வேண்டும். முதலில் ஓர் உறுதி மடல் வரும். அதில் உள்ள இணைப்பை அழுத்தியதும் கையேடு வரும்.

☐ வாரம் ஒருமுறை தோட்டக் குறிப்பு மடலும் அனுப்புங்கள். (எங்கள் விற்பனை அறிவிப்பும் அதில் இருக்கும். ஒவ்வொரு மடலிலும் உள்ள இணைப்பை அழுத்தி விலகலாம். விலகினாலும் கையேடு உங்களுடையதே.)

[கையேட்டை அனுப்புங்கள்]”

பழைய குறிப்பைவிட இது நீளம். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரியையும் கோப்போடு வைத்துச் சரிபார்க்க முடியும். பட்டனில் ‘பதிவு செய்’ என்று இருந்ததும் மாறிவிட்டது. அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை அதுவே சொல்கிறது.

சரியாக வந்ததா?

வெளியிடும் முன் ஓர் எளிய சோதனை. நூலைப் பார்க்காத ஒருவரிடம் குறிப்பை ஒருமுறை படிக்கக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். “உங்களுக்கு என்ன வரும்? நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? அடுத்த வாரம் உங்கள் இன்பாக்ஸில் என்ன இருக்கும்?” என்று கேளுங்கள். பதிலில் தவறு வந்தால் அவருடைய நினைவாற்றலைக் குறை சொல்லாமல் அந்த வரியைத் திருத்துங்கள்.

வெளியிட்ட பிறகு முகவரி கொடுப்போரின் எண்ணிக்கை குறையக்கூடும். அதை மட்டும் பார்த்துப் பழைய குறிப்புக்குத் திரும்பிவிடக்கூடாது. உறுதி மடலை அழுத்தியவர்கள் எத்தனை பேர், முதல் இரண்டு மடல்களிலேயே விலகியவர்கள் எத்தனை பேர், ஸ்பேம் என்று குறித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். கடைசிக் கணக்கு மிக முக்கியம். ஜிமெயில் முகவரிகளுக்கு மடல் அனுப்புபவர்கள், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதித்திருக்கிறது. ஆயிரத்துக்கு மூன்று பேர் என்ற அளவு அது. தாங்கள் எதில் சேர்ந்தோம் என்று தெரியாதவர்கள் நிறைந்த பட்டியல் அந்தக் கோட்டைச் சீக்கிரம் தொட்டுவிடும். சிறு கடையாக இருந்தாலும், புகார் கூடினால் அதன் மடல்களும் ஸ்பேம் பெட்டிக்குள் விழத் தொடங்கும். இருநூறு பேர் கொண்ட பட்டியலில் ஒருவர் குறித்தாலே அரை சதவீதம். ஆகவே சிறு பட்டியலில் ஒரு வாரக் கணக்கை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அங்கே வாசகர்கள் எழுதும் பதில்களே நல்ல சாட்சி. ‘பூச்செடி பற்றி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’ என்று யாராவது கேட்டால் குறிப்பில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

நூல் மாறும்போது குறிப்பும் மாற வேண்டும். ஆறாவது பயிராக அவரையைச் சேர்த்தாலோ, விலைப்பட்டியலை எடுத்துவிட்டாலோ, பக்கக் கணக்கை மறுபடி எண்ண வேண்டும். நூலின் கோப்பைத் திறக்காமல் குறிப்பைத் திருத்த வேண்டாம்.

வாசகராக நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை ஓர் இலவச மின்னூலுக்கு முகவரி கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது, பிறகு என்ன வரும் என்ற இரண்டுக்கும் குறிப்பில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முகவரியைக் கொடுக்காதீர்கள்.